பட்டியல் போன வழியும் பெட்டி போன வழியும்

கூரியர் நிறுவனங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வருகிறவர்கள், பார்சல் சீக்கிரம் போயிற்றா தாமதித்துப் போயிற்றா என்ற ஒரே கேள்வியோடு பெரும்பாலும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வேகம் இரண்டாம் பட்சமே. நாம் கொடுத்த பெட்டி இந்த நேரத்தில் இந்த ஊரில் இருக்கிறது என்று அவர்களுடைய இணையப் பக்கம் கூறுவது எவ்வளவு தூரம் மெய், வழியில் சேதம் நேர்ந்தால் அது யார் கையில் நேர்ந்தது என்று அவர்களாலேயே கண்டுபிடிக்க முடிகிறதா, முறையிட்டவனுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பனவற்றைப் பார்த்த பிறகே ஒரு நிறுவனத்தை நல்லதென்றோ பொல்லாததென்றோ சொல்லத் துணியலாம். சென்ற நவராத்திரியை ஒட்டிக் கும்பகோணத்திலிருந்து புனேக்கு ஒரு பெட்டி அனுப்பியதில், இவை எல்லாவற்றையும் ஒருங்கே பரிசீலிக்கும் சந்தர்ப்பம், நான் விரும்பாமலே, எனக்கு வாய்த்தது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நாடெங்கும் கிளை பரப்பியுள்ள நிறுவனங்களில் வேலை நடக்கும் முறை ஏறக்குறைய ஒன்றேயாகையால், பெயரைத் தெரிந்துகொள்வதைக் காட்டிலும் முறையைத் தெரிந்துகொள்வதே வாசகருக்குப் பிரயோஜனமானது.

அனுப்பிய பொருள் தசாவதாரக் கொலு பொம்மை செட். மண்ணால் செய்து சூளையில் சுட்டு வர்ணம் பூசிய பொம்மைகள். விலை 7,500 ரூபாய். புனேயில் குடித்தனம் செய்கிற என் தங்கை மகள், அங்கே கிடைக்கிற பிளாஸ்டர் பொம்மைகளில் மனம் ஒப்பாமல், ஊர்ப் பொம்மைதான் வேண்டுமென்று கேட்டிருந்தாள். மண் பொம்மையின் பலவீனம் அதன் உடலில் இல்லை. உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவயவங்களில் இருக்கிறது. மச்சமும் கூர்மமும் திரண்ட வடிவங்கள். எப்படிப் போட்டாலும் ஓரளவு தாங்கும். வாமனருடைய குடையும், பரசுராமருடைய மழுவேந்திய கையும், இராமபிரானுடைய வில்லும், கல்கியின் குதிரை தூக்கிய முன்காலும் அப்படியல்ல. ஆகையால் ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியே குமிழ்த் தாளில் சுற்றி, நீட்டிய உறுப்புகளைச் சுற்றிப் பஞ்சு வைத்து, ஒன்றோடொன்று உரசாதபடி நடுவே அட்டைத் தடுப்புகள் நிறுத்தி, ‘ஃபைவ் பிளை’ என்று கடைக்காரர்கள் சொல்லும் ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியில், எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு வைக்கோல் அடைத்திருந்தேன்.

இந்த இடைவெளிக்கு ஒரு விலை உண்டு என்பது கிளையில் கொண்டுபோய் வைத்தவுடனே தெரிந்தது. பெட்டியைத் தராசில் வைத்தால் 9 கிலோ. ஆனால் கூரியர்காரர்கள் தராசை மட்டும் நம்புவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000 என்ற எண்ணால் வகுத்து, வருவதையும் ஒரு நிறையாகக் கொண்டு, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகிறார்கள். தரை மார்க்கத்துக்கு வேறு எண்ணால் வகுக்கும் நிறுவனங்களும் உண்டு. என் பெட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 40 உயரம். பெருக்கி வகுத்தால் 21.6, ஆக 22 கிலோவுக்கான கட்டணம். கிளையில் இருந்தவர் நல்ல மனத்தோடு, “ஸார், கொஞ்சம் சின்னப் பெட்டியா மாத்திக்குங்க; 50க்கு 40க்கு 35 போதும்; 14 கிலோவில் முடிஞ்சிடும்” என்று யோசனை சொன்னார். கணக்கு சரியே. ஆனால் அந்தச் சிறு பெட்டியில் பொம்மைகள் அடங்கும்போது வைக்கோலுக்கு இடம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். வண்டியில் இடத்துக்குத்தான் மதிப்பு என்பது நியாயந்தான். ஆயினும் பாதுகாப்புக்காக விடும் ஒவ்வொரு விரற்கடைக்கும் அனுப்புகிறவனிடம் காசு வாங்கிக்கொண்டு, அந்தக் காசுக்கு அஞ்சி அவன் இடைவெளியைக் குறைத்துச் சேதம் நேர்ந்தபின் ‘பேக்கிங் சரியில்லை’ என்று கைவிரிக்கிற ஏற்பாட்டில், சேதத்தின் ஒரு பகுதி கட்டண விகிதத்திலேயே விதைக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் கவனிக்காமலிருக்க முடியவில்லை. 22 கிலோவுக்கே கட்டினேன். அதோடு, ரசீதில் பொருளின் மதிப்பை 7,500 என்று எழுதச் செய்து, ‘கேரியர் ரிஸ்க்’ என்ற கட்டத்தில் குறியிடச் சொல்லி, மதிப்பில் நூற்றுக்கு இரண்டு வீதம் 150 ரூபாய் தனியே செலுத்தினேன். அந்தக் குறி இல்லாவிட்டால் பொருள் ‘ஓனர் ரிஸ்க்’கில், அதாவது அனுப்புகிறவனுடைய தலைவிதியில், பிரயாணம் செய்வதாக அர்த்தம்.

இனி இணையப் பக்கத்துக்கு வருவோம். ரசீது எண்ணைத் தட்டினால் பெட்டி திருச்சி சேர்ந்தது, திருச்சி விட்டுப் புறப்பட்டது, பெங்களூரு சேர்ந்தது, புறப்பட்டது, புனே சேர்ந்தது என்று நாளும் நாழிகையும் நிமிஷமும் போட்டு அழகாக வந்துகொண்டிருந்தது. புனே சேர்ந்ததாகக் காட்டிய மறுநாள் காலையில், அதற்கு மேல் ஒரு புதிய வரி தோன்றியது: பெட்டி பெங்களூரில் இருக்கிறது! புனேயைப் பார்த்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பி ஓடிவர அதற்கு அவகாசமும் இல்லை, காரணமும் இல்லை. என் தங்கை மகள் கலவரமடைந்து, “மாமா, பொம்மை திரும்பிப் போயிண்டிருக்கா?” என்று தொலைபேசியில் கேட்டாள். திரும்பவில்லை, அது பெங்களூரை விட்டு நகரவே இல்லை என்பதுதான் உண்மை.

இது எப்படி நேருகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இணையப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவுகோல் இதுவே. ஒரு பார்சலின் மேலுள்ள பார்கோடு ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியே ஸ்கேன் செய்யப்படுகிறது என்றே நாம் கற்பனை செய்துகொள்கிறோம். கிளையில் வாங்கும்போதும், பெரிய ஊர்களிலுள்ள ‘ஹப்’ என்னும் பிரிப்பு நிலையங்களில் எந்திரப் பட்டையின் மேல் ஓடும்போதும், கடைசியில் கொடுக்கும்போதும் அப்படிச் செய்வது உண்டுதான். ஆனால் இடையில், சிறிய பொருள்களெல்லாம் ஒரு பைக்குள் போடப்பட்டு, அப்பைக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. பைகளும் பெரிய பெட்டிகளும் ஒரு லாரிக்கு உரியனவாகப் பட்டியலிடப்பட்டு, அப்பட்டியலுக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. லாரி வந்து நின்றதும், அந்த ஓர் எண்ணைப் பதிந்தால் போதும். பட்டியலில் கண்ட அத்தனை பொருள்களும் ‘வந்து சேர்ந்தன’ என்று கணினி தானே எழுதிக்கொள்கிறது. கல்யாணத்துக்கு வந்த பஸ்ஸின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதில் வந்தவரெல்லாம் சாப்பிட்டாயிற்று என்று கணக்கெழுதுகிற காரியத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. என் பெட்டி பெங்களூரில் பட்டியலில் ஏறிவிட்டது, லாரியில் ஏறவில்லை. பட்டியல் புனேக்குப் போயிற்று. மறுநாள் பெங்களூர்க் கிடங்கில் எவரோ ஒரு பணியாளர் மூலையில் கிடந்த பெட்டியைக் கண்டு கையிலுள்ள கருவியால் பார்கோடைத் தொட்டபோது உண்மை வெளிவந்தது.

ஆகவே அந்தப் பக்கத்தில் காணும் வரிகளெல்லாம் ஒரே தராதரத்தவை அல்ல. ஒரே நிமிஷத்தில், அல்லது நள்ளிரவில் லாரி வரும் வேளையில், ‘சேர்ந்தது’ என்று மட்டும் வருகிற வரி பெரும்பாலும் பட்டியலின் வரி. நிறையோ அளவோ புதிதாகக் குறிக்கப்பட்ட வரியும், முன்னுக்குப் பின் முரணாகத் திடீரென்று தோன்றும் வரியும் பெரும்பாலும் மனிதனோ எந்திரமோ பெட்டியை நேரில் கண்ட வரி. முரண்படுகிற வரியையே நம்ப வேண்டும் என்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அனுபவத்தில் அதுவே சரியாக இருந்தது. இந்த விஷயத்தில் தபால் இலாகாவை ஒரு வார்த்தை மெச்சத்தான் வேண்டும். ஸ்பீட் போஸ்ட் பக்கத்தில் `Item Bagged` என்று வெளிப்படையாகவே வரும். பைக்குள் போட்டுவிட்டோம், இனி பையைத்தான் பார்க்கிறோம் என்று அவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

நடுவழியில் நேர்ந்தது கவனக்குறைவு. கடைசிக் கட்டத்தில் நேர்ந்ததை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புனேக் கிளையில் பெட்டி மெய்யாகவே சேர்ந்த பிறகு, ஒரு நாள் காலை `Out for Delivery` என்று காட்டியது. தங்கை மகள் வெளியே எங்கும் போகாமல் காத்திருந்தாள். மாலையில் `Consignee Not Available` என்று வரி விழுந்தது: பெறுபவர் வீட்டில் இல்லை! வாசல் மணி அடிக்கவில்லை, தொலைபேசி ஒலிக்கவில்லை. இதற்கும் ஒரு காரணம் உண்டு. காலையில் கிளையில் விநியோகப் பட்டியல் தயாரானவுடன், வண்டி தெருவை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, அதில் கண்ட எல்லாப் பொருள்களும் விநியோகத்துக்குப் புறப்பட்டுவிட்டதாகப் பதிவாகின்றன. மாலைக்குள் கொடுக்க முடியாத ஒவ்வொன்றுக்கும் விநியோகம் செய்கிற பையன் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கருவியில் வரிசையாக இருக்கும் காரணங்களில் வீடு பூட்டியிருந்தது, விலாசம் தவறு, வாங்க மறுத்தார், வேறு நாள் கேட்டார் என்றெல்லாம் இருக்கின்றன. ‘பொருள் அதிகம், பொழுது போதவில்லை, எங்களால் வர முடியவில்லை’ என்ற காரணத்துக்குத்தான் அநேகமாக இடமில்லை. பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் அவன். நிறுவனத்தின் தவறு ஏதும் பதிவாகவே வழியில்லாத ஒரு பட்டியலைச் செய்துவைத்த மேலதிகாரிகளின் சாதுரியத்தைத்தான் நினைத்து நினைத்து வியந்தேன். இந்தப் பொய் வரியைப் பார்த்ததும் அன்றைக்கே வீட்டு வாசலையும் கடிகாரத்தையும் காட்டி மின்னஞ்சல் எழுதும்படி தங்கை மகளிடம் சொன்னேன். ஏனெனில் ‘பெறுபவர் இல்லை’ என்ற வரி சில தடவை விழுந்துவிட்டால், பெட்டி அனுப்பியவருக்கே திரும்பப் புறப்பட்டுவிடும். மண் பொம்மைக்கு இன்னொரு தடவை அதே பிரயாணத்தைத் தாங்கும் சக்தி ஏது?

பெட்டி அடுத்த முறை வந்தே விட்டது. வந்த கோலத்தைப் படமாக எனக்கு அனுப்பினாள். ஒரு கீழ் மூலை உள்வாங்கி நசுங்கியிருந்தது. மேற்பரப்பு நடுவில் குழிந்திருந்தது. ஒரு பக்கம் ஈரம் பட்டுக் காய்ந்த கறை. சேதத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு இம்மூன்றும் மூன்று வேறு சம்பவங்கள். மூலை மட்டும் நசுங்குவது, பெட்டி உயரத்திலிருந்து அம்மூலை தரையில் மோதும்படி விழுந்ததால் வருவது. மேற்பரப்பு குழிவது, அதன் மேல் கனமானவற்றை அடுக்கியதால் வருவது. ஈரக்கறையோ இரண்டுக்கும் துணை செய்வது. நெளி அட்டை ஈரத்தை உறிஞ்சினால் அதன் தாங்கும் பலத்தில் பெரும் பங்கு போய்விடும். காய்ந்த பிறகு பார்க்கப் பழையபடி தோன்றினாலும், நனைந்திருந்த வேளையில் மேலே வைத்த பாரத்துக்கு அது மடங்கிக் கொடுத்திருக்கும். மாறாக, வெளிப்பெட்டி பழுதில்லாமல் இருந்து உள்ளே மட்டும் பொருள்கள் ஒன்றோடொன்று மோதி உடைந்திருந்தால், அப்போது குற்றம் பெரும்பாலும் கட்டியவனுடையது. அதற்கு நிறுவனத்தை நோவதற்கில்லை.

கையொப்பமிட்டால்தான் பெட்டி, பெட்டி கைக்கு வந்த பிறகுதான் திறக்கலாம் என்றான் பையன். முன்காலத்தில் காகிதத்தில் கையொப்பமிடும்போது, ‘வெளிப்பெட்டி சேதம், உள்ளே பார்க்கவில்லை’ என்று பக்கத்தில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரி பிற்பாடு வழக்குக்கே ஆதாரமாக நின்றது. இப்போது விரலால் கண்ணாடித் திரையில் கிறுக்குகிறோம், அல்லது ஓ.டி.பி. எண்ணைச் சொல்கிறோம், குறிப்பெழுத இடமே இல்லை. ஆகவே தங்கை மகள் எண்ணைச் சொல்வதற்கு முன் பெட்டியை ஆறு பக்கமும், மேலே ஒட்டிய ரசீது தெரியும்படியும் படம் எடுத்துக்கொண்டு, பிறகு வாங்கி, பிரிப்பதை இடைவெளியின்றி ஒரே வீடியோவாகப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், பலராமர், கிருஷ்ணர் ஆகிய ஆறும் க்ஷேமம். வாமனருக்குக் குடை போயிற்று; பரசுராமருக்குக் கை; இராமருக்கு வில்; கல்கியின் குதிரைக்கு முன்கால். நசுங்கிய மூலையை ஒட்டியே இந்நான்கும் இருந்தன என்பதை வீடியோ தெளிவாகக் காட்டியது.

இனி முறையீடு நடந்த விதம். கட்டணமில்லாத் தொலைபேசியில் பேசியவுடன் ஒரு டிக்கெட் எண் கிடைத்தது. அடுத்த நாள், ‘உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டுவிட்டது, முறையீடு முடிக்கப்பட்டது’ என்று செய்தி. நான் பொருள் வரவில்லை என்று முறையிடவில்லை, உடைந்து வந்தது என்று முறையிட்டேன் என்று மறுபடி சொல்ல, மறுபடி ஒரு டிக்கெட். கும்பகோணம் கிளையில் போய்க் கேட்டேன். அங்கே இருப்பவர் நிறுவனத்தின் உத்தியோகஸ்தர் அல்லர். கமிஷனுக்குக் கிளை எடுத்து நடத்துகிறவர். நஷ்டஈடு தரும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பதை மரியாதையோடு சொன்னார். அது மெய்யே. அவரோடு மல்லுக்கு நிற்பதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நிறுவனங்களில் ‘கிளெய்ம்’ பிரிவு என்று ஒன்று தனியே இருக்கிறது. ரசீதின் நகல், பொம்மை வாங்கிய பில், படங்கள், வீடியோ, கோரும் தொகை எழுதிய கடிதம் இவ்வளவும் அதன் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் ஆரம்பமே ஆகிறது.

அங்கிருந்து வந்த முதல் பதிலில் இரண்டு வாதங்கள் இருந்தன. பேக்கிங் போதாது என்பது ஒன்று. ரசீதின் பின்புறம் அச்சிட்ட நிபந்தனைப்படி எங்கள் பொறுப்பு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று ஓர் அற்பத் தொகையைச் சொன்னது மற்றொன்று. பின்புற நிபந்தனை வெறும் பயமுறுத்தல் என்று அலட்சியம் செய்வதற்கில்லை. பாரதி நிட்டிங் கம்பெனிக்கும் டி.ஹெச்.எல். நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில், கையொப்பமிட்டவர் அந்நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவரே என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அங்கே பொறுப்பு 100 டாலரோடு நின்றுபோயிற்று. தபால் இலாகாவிலும் ஸ்பீட் போஸ்ட் பொருள் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ, கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுவே நஷ்டஈடு என்பது விதி. ஆனால் என் ரசீதில் மதிப்பும் எழுதப்பட்டிருந்தது. ‘கேரியர் ரிஸ்க்’ கட்டத்தில் குறியும் இருந்தது. 150 ரூபாய் பெற்றுக்கொண்டதற்குக் கணக்கும் இருந்தது. அந்தப் பின்புற வரம்பு எனக்குப் பொருந்துமானால், முன்புறம் வாங்கிய அந்தப் பணம் எதற்காக என்று மட்டும் கேட்டு எழுதினேன். பேக்கிங் விஷயத்துக்கு மூலையும் கறையும் காட்டும் படங்களை இணைத்தேன். கூடவே, புனேக்குப் பிறகு பெங்களூர் என்று வந்த அந்த முரண்பட்ட வரியையும் படமெடுத்து வைத்திருந்தேன், அதையும் சேர்த்தேன். பட்டியலில் ஏறி வண்டியில் ஏறாமல் ஓரிரவு கிடங்கில் கிடந்த பெட்டி, அங்கே நனையவில்லை, மிதிபடவில்லை என்பதை அவர்கள்தாம் ருசுப்படுத்த வேண்டும் என்றேன்.

பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்தேன். அது நீதிமன்றமல்ல, தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் தன்னோடு சேர்ந்திருக்கும் நிறுவனங்களில் அதற்கென்று பொறுப்பான ஒருவருக்கு முறையீட்டை நேரே அனுப்பிவிடுகிறது. அதாவது, ‘முடிக்கப்பட்டது’ என்று எந்திரம்போல் பதில் சொல்லும் படிகளைத் தாண்டி, முடிவெடுக்கக்கூடிய ஒரு மனிதரிடம் காகிதம் போய்ச் சேருகிறது. அதற்கும் மசியாவிட்டால், 2019-ஆம் வருஷச் சட்டப்படி, அனுப்பியவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டிய பழைய கஷ்டம் இல்லை. அவ்வளவு தூரம் போகத் தேவை ஏற்படவில்லை.

கிளெய்ம் பிரிவிலிருந்து ஓர் அம்மையார் தாமே கூப்பிட்டார். பேச்சில் நிதானமும் யோக்கியமும் இருந்தன. செட்டில் பத்துப் பொம்மை, உடைந்தது நான்கு, ஆகவே ஒன்றுக்கு 750 வீதம் 3,000 ரூபாய் தருகிறோம் என்றார். ஆறு அவதாரம் மட்டும் உள்ள தசாவதாரம் எந்தக் கொலுப்படியில் ஏறும் என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார், ஆனால் கணக்கை மாற்றவில்லை. செட்டாக விற்கும் பொருளில் ஒன்று போனாலும் முழு மதிப்பும் போகிறது என்ற வாதத்தில் சாரமுண்டு. ஆயினும் அதே அச்சில் வார்த்த பொம்மைகள் கும்பகோணத்தில் தனித்தனியே கிடைக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருக்கும்போது, அந்த வாதத்தை மேலும் நீட்ட நான் விரும்பவில்லை. கூரியர் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டேன், கொடுக்கவில்லை. பணம் கைக்கு வந்தபோது தீபாவளி கழிந்து கார்த்திகைத் தீபமும் ஏற்றியாயிற்று. கடைசியாக அவரிடம், பெட்டி எந்த இடத்தில் விழுந்ததென்று உங்களுக்குத் தெரிந்ததா என்று விசாரித்தேன். “எங்க ரெக்கார்டுல ‘வந்தது, போனது’ன்னுதான் ஸார் இருக்கும். ‘எப்படி வந்தது’ன்னு எழுத இடம் கிடையாது” என்றார்.

காகிதம், புடைவை, புஸ்தகம் ஆகியவற்றை அந்நிறுவனத்தின் மூலம் இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களுடைய தேதிகளில் ஒரு நாள் கூட்டியும், ‘சேர்ந்தது’ என்ற வரிகளில் பாதியைக் கழித்தும் கணக்கிட்டுக்கொள்கிறேன். மரப்பாச்சி ஒரு ஜோடி போன மாசம் கீறல் இல்லாமல் புனே போய்ச் சேர்ந்தது. மண் பொம்மையை மட்டும், இரண்டு ஹப் கடக்கிற தூரத்துக்கு, அவர்களிடமோ அவர்களைப் போன்ற வேறு எவரிடமோ நான் கொடுப்பதாக இல்லை. புதிதாக வாங்கிய நான்கு அவதாரங்களைக் கோடை விடுமுறைக்குப் புனே போகும் தங்கை ரயிலில் கொண்டுபோகிறாள்.